நீர்க்கடுப்பு மாத்திரையும் கூடவே கொடுக்கும் தாளும்

திருப்பூர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையின் மருந்துக் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறேன். இங்கே வரும் பெண்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். கோடை தொடங்கிவிட்டால் நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். "சூடு புடிச்சுக்கிச்சுங்க்கா" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டும்போல முட்டல், போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்றில் கனம். பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவதால் வருவது இது. காய்ச்சல் இல்லை, கர்ப்பம் இல்லை, வேறு சிக்கல் இல்லை என்றால் எங்கள் டாக்டரம்மா அதிகம் எழுதுவது நைட்ரோஃபுரான்டாயின் 100 மில்லிகிராம். காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். மொத்தம் 10 மாத்திரை.

இந்த மாத்திரையோடு முன்பு ஒரு அச்சடித்த தாள் கொடுப்போம். "மருந்தை முழுவதுமாகச் சாப்பிடவும். நிறையத் தண்ணீர் குடிக்கவும். தொந்தரவு இருந்தால் மருத்துவரை அணுகவும்" என்று மூன்று வரி. மூன்றிலும் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தாளை வாங்கிப்போன ஒரு அக்காவுக்கு நடந்ததைக் கேட்ட பிறகு, அந்த மூன்று வரியையும் நாங்கள் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. எப்படி எழுதினோம், ஏன் அப்படி எழுதினோம் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். வீட்டில் யாராவது இந்த மாத்திரை போடும் நிலை வந்தால் பயன்படும்.

அந்த அக்காவுக்கு வயது நாற்பதுக்குள். ஓவர்லாக் டெய்லர். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார். சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை. சாதாரண நீர்க்கடுப்பு. 10 மாத்திரையையும் தாளையும் வாங்கிக்கொண்டு போய் இரவே முதல் மாத்திரையைப் போட்டிருக்கிறார். செவ்வாய்க் காலை டீயை மட்டும் குடித்துவிட்டு அடுத்ததை விழுங்கினார். ஒரு மணி நேரத்தில் குமட்டல். புதன்கிழமை எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் சிறுநீர் அடர் மஞ்சளாக, கிட்டத்தட்ட பழுப்பாகப் போயிற்று. பக்கத்து மெஷின்காரர், "மஞ்சக்காமாலை மாதிரி இருக்குதே, மாத்திரை சேரலையாட்ட இருக்குது" என்று சொல்லியிருக்கிறார். எரிச்சல்தான் போய்விட்டதே, எதற்கு வம்பு என்று புதன் இரவோடு நிறுத்திவிட்டார். 5 மாத்திரை மிச்சம். அதை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி எரிச்சல். கையில்தான் மாத்திரை இருக்கிறதே என்று அன்று இரவே ஒன்று போட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு. வெள்ளி இரவு குளிர் எடுத்து நடுங்கியிருக்கிறது. பாரசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். சனிக்கிழமை முதுகில் வலது பக்கம் வலி. இந்த முறை அவர் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார். "மருந்தை முழுவதுமாகச் சாப்பிடவும்" என்று போட்டிருந்தது. போன தடவை பாதியில் விட்டதால்தான் இப்படி ஆயிற்று, இந்தத் தடவை முடித்தே ஆக வேண்டும் என்று சனி இரவு கடைசி மாத்திரையும் போட்டு முடித்தார். ஞாயிறு காலை குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கணவர் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிவந்தபோது காய்ச்சல் 102 டிகிரி. நோய் சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. அட்மிட் செய்து, எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் எடுத்துவிட்டு, நரம்பில் ஊசி மருந்தும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். கல் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று ஸ்கேனும் பார்த்தார்கள். அடைப்பு இல்லை. மூன்றாம் நாளில் காய்ச்சல் இறங்கியது.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபோது அதில் நைட்ரோஃபுரான்டாயினுக்கு நேரே "S" என்று இருந்தது. அந்தக் கிருமியை இந்த மருந்து கொல்லும் என்று அர்த்தம். வார்டில் அந்த அக்காவின் கணவர் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "இந்த மாத்திரைக்கு அது கட்டுப்படும்னுதானுங்க போட்டிருக்குது. அப்புறம் ஏனுங்க இப்படி ஆச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடை அந்த மருந்தின் குணத்தில் இருக்கிறது. நைட்ரோஃபுரான்டாயின் வாய்வழி போனதும் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. சீக்கிரமே வடிகட்டப்பட்டுச் சிறுநீரில் சேர்ந்து அங்கே செறிவாக நிற்கும். சிறுநீர்ப்பையில் உள்ள கிருமிக்கு அது போதும். சிறுநீரகத்தின் சதைக்குள் கிருமி புகுந்துவிட்டால் அங்கே இந்த மருந்தின் அளவு போதாது. தொட்டித் தண்ணீரில் கலந்த மருந்து தொட்டிச் சுவருக்குள் இருக்கும் பாசியைத் தொடாதது மாதிரி. அதனால் காய்ச்சலும் நடுக்கமும் முதுகுவலியும் வந்த பிறகு அதே மாத்திரையை எத்தனை போட்டாலும் பயன் இல்லை. வெள்ளி இரவே அவர் வந்திருந்தால் மருந்து அன்றே மாறியிருக்கும்.

பாதியில் நிறுத்தியதால்தான் நோய் திரும்பியது என்று ஒரே ஒருவரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. முழுதாகச் சாப்பிட்டவர்களுக்கும் சில சமயம் திரும்பும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. "முழுவதுமாகச் சாப்பிடவும்" என்ற ஒரே வரி, நன்றாக இருந்தபோது அவர் மாத்திரையை நிறுத்துவதைத் தடுக்கவில்லை. மோசமானபோது எங்களிடம் வருவதைத் தடுத்தது. நிறுத்தக்கூடாத இடம் எது, காத்திருக்கக்கூடாத இடம் எது என்ற இரண்டையும் ஒரே தாள் சொல்லியாக வேண்டும்.

அதனால் புதிய தாளில் முதலில் வருவது இரண்டு வெற்றிடங்கள். மாத்திரையைக் கொடுக்கும்போது நானே பேனாவால் நிரப்புகிறேன். முதல் மாத்திரை போடும் நேரம் முதலில். அந்த அக்காவின் கணக்கில் திங்கள் இரவு 9 மணி என்று வையுங்கள். அதிலிருந்து 48 மணி நேரம், அதாவது புதன் இரவு 9 மணி. அதன் கீழே, "இந்த நேரத்துக்குள் எரிச்சல் குறையத் தொடங்கவில்லை என்றால் மறுநாள் காலை வாருங்கள்" என்று இருக்கும். அடுத்த வெற்றிடம் கடைசி மாத்திரையின் நேரம். திங்கள் இரவு தொடங்கினால் சனிக்கிழமை காலை பத்தாவது மாத்திரை. "5 நாள்" என்று மட்டும் எழுதினால் சிலர் திங்களையும் ஒரு முழு நாளாகக் கணக்கிட்டு வெள்ளியோடு முடித்துவிடுகிறார்கள். கிழமையும் வேளையும் எழுதிக் கொடுத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

48 மணி நேரம் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் மாத்திரை போட்டும் எரியும். அது இயல்பு. சிறுநீர்ப்பையின் உள்தோல் புண்ணாகியிருக்கிறது, கிருமி குறைந்தாலும் அது ஆற நேரம் பிடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் தெளிவாகக் குறைந்துவிடும். அப்படிக் குறையவே இல்லை என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம், அல்லது நோயே வேறாக இருக்கலாம். அப்போது மீதி மூன்று நாளையும் ஓட்டிப் பார்ப்பது வீண்.

குறைந்துவிட்டால்? அங்கேதான் முடிக்கும் கேள்வி வருகிறது. "பாதியில் நிறுத்தினால் கிருமி பழகிக்கொள்ளும்" என்று வழக்கமாகச் சொல்கிறோம். இது முழுதும் சரியா என்று மருத்துவர்களே கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை, தேவைக்கு மேல் நாள் கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிடுவதுதான் குடலில் உள்ள மற்ற கிருமிகளையும் மருந்துக்குப் பழக்கும் என்று வாதிட்டது. அதைப் படித்துவிட்டு நோயாளியே நிறுத்திக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. டாக்டர்கள் இப்போது செய்வது, சோதனையில் போதும் என்று தெரிந்த மிகக் குறைந்த நாட்களை மட்டும் எழுதுவது. இந்த மருந்துக்கு அந்த 5 நாள் ஏற்கெனவே குறைத்து வைத்த கணக்கு. இங்கிலாந்தில் பெண்களுக்கு 3 நாளே எழுதுகிறார்கள். உங்கள் டாக்டர் எத்தனை எழுதினாரோ அதுதான் உங்களுக்கு முழுக் கோர்ஸ். அதற்குள் நிறுத்தவும் வேண்டாம், நல்லதாயிற்றே என்று கடையில் இன்னொரு அட்டை வாங்கி நீட்டவும் வேண்டாம். இதைத் தாளில் ஒரே வரியாகப் போட்டிருக்கிறோம்: "எரிச்சல் போனாலும் கடைசி மாத்திரை வரை. கடைசி மாத்திரைக்கு மேல் ஒன்றும் வேண்டாம்."

இடையில் நிறுத்துகிறவர்களில் பலர் நோய் போய்விட்டது என்பதற்காக மட்டும் நிறுத்துவதில்லை. மாத்திரை சேரவில்லை என்ற பயம். அதனால் அந்தப் பயம் எங்கே வரும் என்பதை முன்கூட்டியே எழுதிவிட்டோம். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரை அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றும். அது மருந்தின் நிறம். மாத்திரை முடிந்ததும் போய்விடும். கண்ணும் தோலும் மஞ்சளானால் அது வேறு சேதி, உடனே காட்ட வேண்டும். குமட்டல் வெறும் வயிற்றில் போடுவதால் அதிகமாகும். காலை இட்லியோ தோசையோ சாப்பிட்ட உடனே, இரவு சோறு சாப்பிட்ட உடனே என்று வைத்துக்கொண்டால் குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும். டீயும் பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. மெதுவாகக் கரையும் வகை என்பதால் கடிக்காமல், பிரிக்காமல், முழுதாக விழுங்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீர்க்கடுப்பு என்றதும் மருந்துக் கடையில் எரிச்சலைத் தணிக்கும் சிட்ரேட் சிரப் ஒன்றைக் கொடுப்பது வழக்கம். தண்ணீரில் கலந்து குடித்தால் இதமாக இருப்பதாகச் சொல்வார்கள். அந்த சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும். நைட்ரோஃபுரான்டாயினோ அமிலத்தன்மை உள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் ஒன்று இன்னொன்றின் காலை வாரிவிடும். அதனால் "இந்த மாத்திரை போடும் நாட்களில் கடையில் கேட்டு எரிச்சல் சிரப் வாங்க வேண்டாம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். வயிற்றெரிச்சலுக்கு மக்னீசியம் டிரைசிலிகேட் சேர்ந்த ஆன்டாசிட் குடிப்பவர்களும் சொல்லிவிட வேண்டும். அது மருந்தை உடம்பில் சேரவிடாது. வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் போதும். ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு, கீழே சொல்கிறேன்.

இனி தண்ணீர். "நிறையக் குடிங்க" என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்துவிட்டு மாலை வரை தொடமாட்டார். இன்னொருவர் பயத்தில் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் இந்த நோயைத் தானாகக் குணப்படுத்தாது. மருந்துதான் கிருமியைக் கொல்கிறது. தண்ணீர் செய்வது, அடிக்கடி சிறுநீர் போக வைத்து, பெருகும் கிருமி அங்கேயே தேங்காமல் பார்த்துக்கொள்வது. திரும்பத் திரும்ப வருவதைத் தடுப்பதில் அதன் பங்கு பெரிது. அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்த 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் வெளியானது. பாதிப் பேர் வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறைதான் நோய் வந்தது. வழக்கம்போலக் குடித்தவர்களுக்கு 3.2 முறை.

அதை எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பொருத்தும் விதத்தில் தாளில் இப்படி எழுதினோம்: ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்று காலியாக வேண்டும், தூங்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டாவது. டீ, ரசம், கஞ்சி இதற்கு மேல். கோடையில் மெஷின் பக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு இன்னும் அரை லிட்டர், ஒரு லிட்டர் கூடத் தேவைப்படும். பார்லித் தண்ணீரும் மோரும் நல்லவைதான், அவற்றையும் தண்ணீர்க் கணக்கில் வையுங்கள், மருந்துக் கணக்கில் வைக்காதீர்கள்.

குடித்தது போதுமா என்று பார்க்கச் சிறுநீரின் நிறத்தைப் பார் என்பார்கள். இந்த மாத்திரை போடும் நாட்களில் அந்த அளவுகோல் உடைந்துபோகிறது. மருந்தே நிறம் ஏற்றுவதால், மூன்று லிட்டர் குடித்தாலும் மஞ்சளாகத்தான் தெரியும். அதைப் பார்த்து இன்னும் போதவில்லை என்று குடித்துக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நிறத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பார்க்கச் சொல்கிறோம். விழித்திருக்கும் நேரத்தில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளமாகச் சிறுநீர் போனால் குடித்தது போதும்.

தண்ணீர் குடிக்காததற்கு அந்த அக்கா சொன்ன காரணத்தை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். "குடிச்சா போகோணும்ல. லைன்ல இருந்து எந்திரிச்சா பீஸ் நின்னுருமுங்க்கா. பாத்ரூமும் போற மாதிரி இருக்காது." காலை ஷிப்டுக்குள் நுழைந்தால் மதியச் சாப்பாடு வரை அடக்குகிற பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். குடிநீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தர வேண்டியது சட்டப்படி கம்பெனியின் கடமை. மருந்துச் சீட்டால் அதைச் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் டாக்டரம்மா இப்போது சீட்டின் அடியில் "5 நாளைக்கு இடையில் சிறுநீர் கழிக்க அனுமதிக்கவும்" என்று எழுதிக் கொடுக்கிறார். சூப்பர்வைசரிடம் வாயால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அந்தச் சீட்டை நீட்டுகிறார்கள். பலருக்கு வேலை செய்திருக்கிறது.

இந்த இரண்டு லிட்டர் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் தங்கள் டாக்டர் சொன்ன அளவிலேயே நிற்க வேண்டும். சூட்டுக்கு நல்லது என்று எல்லோரும் இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு நைட்ரோஃபுரான்டாயினே சரிப்படாது. சிறுநீரில் போதிய அளவு சேராது, உடம்பில் தங்கித் தொந்தரவு செய்யும். வயதானவர்களுக்கு எழுதும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்ப்பது அதனால்தான்.

தாளின் பின்பக்கம் முழுவதையும் ஆபத்து அறிகுறிகளுக்கு ஒதுக்கினோம். தலைப்பே "மாத்திரை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்". அதில் இருப்பவை கொஞ்சம்தான். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர் நடுக்கம். முதுகில் ஒரு பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே வலி. மாத்திரையோ தண்ணீரோ தங்காத அளவுக்கு வாந்தி. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம். பகல் முழுக்கச் சிறுநீரே வராமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே வர வேண்டும், இரவானாலும் வர வேண்டும்.

இதில் இரண்டைத் தனியாக விளக்க வேண்டியிருந்தது. டெய்லர் வேலை செய்கிறவர்களுக்கு முதுகுவலி தினசரி விஷயம். "எப்பவும் இருக்கறதுதானுங்க" என்பார்கள். குனிந்து வேலை செய்வதால் வரும் வலி பெரும்பாலும் இடுப்பின் நடுவிலோ இரண்டு பக்கமுமோ இருக்கும், புரண்டு படுத்தால், ஓய்வெடுத்தால் மாறும். சிறுநீரக வலி பெரும்பாலும் ஒரே பக்கம், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இருக்கும். எப்படிப் படுத்தாலும் விடாது. அந்த இடத்தில் லேசாகத் தட்டினாலே சுரீர் என்று வலிக்கும். கூடவே காய்ச்சலோ நடுக்கமோ குமட்டலோ வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று பாரசிட்டமால். அதுதான் மேலே சொன்ன நிபந்தனை. அந்த அக்கா வெள்ளி இரவு 650 மாத்திரை போட்டதும் காய்ச்சல் இறங்கியது, சனிக்கிழமை காலை "பரவால்ல" என்று தோன்றியிருக்கிறது. பாரசிட்டமால் காய்ச்சலை இறக்கும், சிறுநீரகத்தில் உள்ள கிருமியை ஒன்றும் செய்யாது. அதனால் மாத்திரை போடும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து அளவையும் நேரத்தையும் தாளிலேயே எழுதிவைக்கச் சொல்கிறோம். தெர்மாமீட்டர் இல்லாத வீடு நிறைய. அவர்களிடம், ஒருமுறை நடுக்கம் வந்தாலே காய்ச்சலாக எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சொல்கிறோம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள் தனியாகச் சிவப்பில் இருக்கின்றன. ஆள் மயங்கிக்கொண்டே இருப்பது அல்லது சம்பந்தமில்லாமல் பேசுவது, மூச்சு வேகமாக வாங்குவது, கை கால் சில்லிட்டு வேர்ப்பது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல்கூட இப்படி ஆகும். நேற்றுவரை நன்றாக இருந்த அப்பத்தா இன்று பேரனை அடையாளம் தெரியாமல் முழிக்கிறார் என்றால் "வயசாயிருச்சு" என்று விட்டுவிடக்கூடாது. மாத்திரையாலேயே வரும் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. முகமோ உதடோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். நைட்ரோஃபுரான்டாயின் அரிதாகச் சிலருக்கு நுரையீரலைத் தாக்கும். மாத்திரை தொடங்கிய பின் புதிதாக இருமலும் மூச்சு வாங்கலும் வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் அன்றே வர வேண்டும்.

இந்தத் தாளை நாங்கள் கொடுக்காத ஆட்களும் உண்டு. கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள். இவர்களுக்கு முதலிலேயே கல்ச்சர் எடுக்க வேண்டும், மருந்தும் நாட்களும் மாறலாம், லேசான அறிகுறி வந்தாலே காட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் டாக்டரம்மா தனியாகப் பேசுகிறார். அவர்களுக்குச் சிறுநீரகத்துக்கு ஏறினால் வேகமாக மோசமாகும். பொடியாக ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் வாங்குகிறவர்களுக்கு வேறு தாள். அவர்களுக்கு முடிப்பது என்ற கேள்வியே இல்லை, ஆனால் குடித்த மறுநாளும் எரிகிறதே என்று பயப்படுவார்கள், அதற்கும் இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதை எழுதியிருக்கிறோம்.

எரிச்சல் போய் மாத்திரையும் முடிந்துவிட்டால் கர்ப்பிணி அல்லாதவர்கள் மறுபடி சிறுநீர் சோதனை செய்ய வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்குள் எரிச்சல் திரும்பினால் வீட்டில் இருக்கும் எந்த மாத்திரையையும் தொடும் முன் வந்து கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். ஒரு வேளை ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு வந்தாலே ரிப்போர்ட்டில் கிருமி வளராமல் போய்விடலாம். கழுவிவிட்டு, முதலில் வருவதைச் சற்று விட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். ஏதாவது காரணத்தால் டாக்டர் இடையில் மருந்தை மாற்றினால் மிச்ச மாத்திரையைக் கவுண்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறோம். பணம் திரும்ப வராது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அந்த அக்கா குணமாகிப் போன பிறகு தன் தங்கையை நீர்க்கடுப்பு என்று கூட்டிவந்தார். நான் தாளை எடுப்பதற்குள் அவரே தங்கையிடம், "குளுர் வந்தா மாத்தர முடியட்டும்னு இருக்காத, அன்னைக்கே எனக்குப் போனப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் முதல் மாத்திரையின் நேரத்தை எழுதிக் கொடுத்தேன்.